சுவரில் இருக்கும் பெரியப்பா படத்துக்கு மாலை: மூன்று வழிகளில் எது?

தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது சுவரில் இருக்கும் படங்களை எல்லாம் இறக்கி வைப்போம். காய்ந்துபோன மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, படத்தை மறுபடியும் ஆணியில் மாட்டுவோம். புது மாலை வாங்குவதற்குள் கொழும்பிலிருந்தும் கட்டாரிலிருந்தும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்களே என்று ஒரு குடும்பப் போட்டோவும் எடுத்தாகிவிடும். அவரவர் திரும்பிப் போன பிறகுதான், பின்னால் சுவரில் இருக்கும் பெரியவர் படத்தில் மாலை இல்லை என்பது கண்ணில் படும்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுப் போட்டோவும் இப்படித்தான். "ஒங்க பெரியப்பா படம் மொட்டையா நிக்குது தம்பி, ஒரு மாலய போட்டுக் குடு" என்று கேட்டார். எல்லோரையும் திரும்பக் கூட்டி நிறுத்த முடியாது, ஆகவே போட்டோவில்தான் மாலையைச் சேர்க்க வேண்டும். அதற்கு மூன்று வழி இருக்கிறது. பின்புலம் இல்லாமல் மாலையை மட்டும் வெட்டியெடுத்து இணையத்தில் போட்டிருக்கும் படம் ஒன்றை எடுத்து ஒட்டலாம். அதே படத்துக்கு நிஜ மாலை போட்டு, அதை மட்டும் மறுபடி போட்டோ எடுத்துப் பழைய போட்டோவில் பொருத்தலாம். இல்லாவிட்டால் டவுன் ஸ்டூடியோவில் கொடுத்துவிடலாம்.

படம் இன்னும் அதே சுவரில் இருக்கிறது என்றால் இரண்டாவது வழிதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்பதற்கு அந்தப் போட்டோவை வைத்தே பேசலாம்.

முதலில் அளவு. போட்டோ போனில் எடுத்தது, 4000க்கு 3000 பிக்சல். பெரியப்பா படத்தின் பிரேம் 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். போட்டோ எடுத்தவர் கதவுப் பக்கம், கொஞ்சம் இடது பக்கமாக நின்று எடுத்திருக்கிறார். அதனால் பிரேம் நேராகத் தெரியாமல் ஒருக்களித்துத் தெரிகிறது. இடது விளிம்பு 500 பிக்சல் உயரம், வலது விளிம்பு 475, அகலம் 345 அளவில். இதையே 8க்கு 12 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 333 பிக்சல் வருகிறது. அதாவது அச்சில் பெரியப்பா படத்தின் அகலமே ஓர் அங்குலம்தான்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மாலையின் தெளிவு இங்கே பிரச்சினையே இல்லை. பலர் இணையத்தில் மிகப் பெரிய, இதழ் இதழாகத் தெரியும் மாலையைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதைச் சுருக்கி வைத்தால் அந்த நுணுக்கம் எல்லாம் போய்விடும். மாலை பொய் என்று காட்டிக்கொடுப்பது பூவின் அளவு, அது தொங்கும் விதம், அதன் நிழல் ஆகிய மூன்றும்தான்.

பூவின் அளவைப் பாருங்கள். நெருக்கிக் கட்டிய செவ்வந்தி மாலையில் ஒரு பூ சுமார் ஓர் அங்குல இடம் பிடிக்கும். 15 அங்குலப் பிரேமின் ஒரு பக்கத்தில் பதினைந்து பூ வரவேண்டும், இந்தப் போட்டோவில் ஒரு பூவுக்கு 33 பிக்சல். நான் பார்த்த வெட்டிய மாலைகளில் பல, அழைப்பிதழுக்காகவும் பேனருக்காகவும் செய்தவை. பக்கத்துக்கு ஆறு ஏழு பூதான் இருக்கும். அதை இந்தப் பிரேமுக்குப் பொருத்தினால் ஒரு பூ 80 பிக்சல் ஆகிறது. பெரியப்பாவின் முகமே 165 பிக்சல்தான். முகத்தில் பாதி அளவுக்கு ஒரு பூ! பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று உடனே தோன்றும். ஆகவே வெட்டிய மாலை எடுப்பதாக இருந்தால் முதல் வேலை பூக்களை எண்ணுவது.

அடுத்தது தொங்கும் விதம். நம் வீடுகளில் படத்துக்குப் பின்னால் கயிறு கட்டி ஆணியில் மாட்டுவதால் மேல் விளிம்பு சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கும், கீழ் விளிம்பு சுவரில் படிந்திருக்கும். மாலை மேல் மூலைகளில் இருந்து நேர் கீழாகத்தான் தொங்கும், படத்தோடு சேர்ந்து சாயாது. அதனால் மேலே மாலை பிரேமை ஒட்டியிருக்கும், கீழே வரவரக் கண்ணாடியை விட்டு விலகி நிற்கும். நிழலும் அப்படியே. மேலே பூவை ஒட்டி ஒடுங்கிய கறுப்பாக இருக்கும், கீழே தள்ளிப் போய் மங்கலாகப் பரவியிருக்கும். கணினியில் ஒரே சொடுக்கில் போடும் நிழல் மாலை முழுவதற்கும் ஒரே தூரத்தில் விழும். அப்படி விழுந்தால் மாலை கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரித் தெரியும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பிரேம் ஒருக்களித்துத் தெரிகிறது என்று வெட்டிய மாலையையும் அதே கோணத்துக்குச் சாய்த்து நசுக்குவார்கள். பிரேம் தட்டை, அதனால் சாய்வாகப் பார்த்தால் ஒடுங்கும். செவ்வந்தி உருண்டை, எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஏறக்குறைய வட்டம்தான். நசுக்கிய மாலையில் பூவெல்லாம் முட்டை வடிவில் நிற்கும். வெட்டிய மாலையை வளைக்க வேண்டுமென்றால் GIMP மென்பொருளில் Perspective கருவியைத் தொடாமல் Cage Transform கருவியை எடுத்து, மாலையின் போக்கை மட்டும் வளைப்பது நல்லது.

நிழல் விஷயத்தில் மலைநாட்டு வெளிச்சத்துக்குத் தனிக் குணம் இருக்கிறது. மப்பும் மூட்டமுமான நாளில், இஸ்தோப்பு வழியாகக் காம்பராவுக்குள் வரும் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தாலும் மிக மென்மையாக இருக்கும். நிழலுக்குக் கூரான ஓரம் இருக்காது. மேலே ஒரு டியூப் லைட்டும் எரிந்தால் அதன் பங்குக்குக் கீழ்ப்பக்கம் இன்னொரு மெல்லிய நிழல். இணையத்து மாலைகளோ பெரும்பாலும் ஸ்டூடியோ விளக்கில் எடுத்தவை. பூவின் மேல் வலப்பக்கம் பளிச்சென்று ஒளி இருக்கும், எங்கள் போட்டோவில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும். மாலையை இடவலமாகத் திருப்பிப் போட்டால் திசை சரியாகும், ஆனால் அந்தப் பளபளப்பு போகாது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் போட்டோவில் நிற்பவர்களின் மூக்கு நிழலைப் பாருங்கள், அது சொல்லிவிடும்.

இத்தனையையும் சமாளித்து வெட்டிய மாலையை நம்பும்படி ஒட்டலாம், முடியாது என்று சொல்லவில்லை. பழகிய கைக்கு ஒரு மாலைப் பொழுது போதும். ஆனால் அந்த வேலை முழுவதும் நிஜத்தில் சும்மா கிடைக்கும் ஒன்றைக் கையால் வரைவதுதான். அதனால்தான் இரண்டாவது வழியைச் சொல்கிறேன்.

இரண்டாவது வழியில் செவ்வந்தி மாலை ஒன்றை வாங்கி, அதே படத்துக்குப் போட்டு, முதல் போட்டோ எடுத்த அதே இடத்தில் நின்று, அதே போனால் எடுக்க வேண்டும். ஆட்கள் தேவையில்லை. பெரிய நன்மை என்னவென்றால் பூவைச் சுற்றி வெட்டவே வேண்டியதில்லை. பிரேமும் சுவரும் இரண்டு போட்டோவிலும் ஒன்றுதான் என்பதால், மாலையோடு அதன் நிழலையும் சுற்றியுள்ள சுவரில் கொஞ்சத்தையும் சேர்த்தே எடுத்து வைத்துவிடலாம். ஓரம் எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கும் இடத்தில் பூ அந்த மினுக்கத்தை மறைக்க வேண்டும், பூவின் சாயல் கண்ணாடியில் இலேசாகத் தெரியவும் வேண்டும். ஒட்டு வேலையில் எல்லோரும் மறக்கும் இந்த இரண்டும் இங்கே தானாகவே வந்துவிடும்.

இதில் சிரமம் எல்லாம் எடுப்பதில்தான். நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க, பழைய போட்டோவை இன்னொரு போனில் திறந்து பக்கத்தில் பிடித்துக்கொண்டு பாருங்கள். பிரேமின் மூலைக்கும் பக்கத்துப் படத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி, இடது விளிம்பும் வலது விளிம்பும் எவ்வளவு வித்தியாசமாகத் தெரிகின்றன என்பது, இந்த இரண்டும் ஒத்துவந்தால் இடம் சரி. கொஞ்சம் முன்பின் இருந்தால் பிறகு திருத்தலாம், பக்கவாட்டில் ஓரடி தப்பினால் திருத்துவது கஷ்டம். நெருங்கிப் போய் எடுக்கவும் கூடாது. கிட்டத்தில் எடுத்தால் கோணமே மாறிவிடும். போனில் 1x லென்ஸையே வையுங்கள், அகலக் கோண லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். முதல் போட்டோவில் ஃபிளாஷ் அடிக்கவில்லை என்றால் இதிலும் வேண்டாம். டியூப் லைட் எரிந்திருந்தால் இதிலும் எரிய வேண்டும். நேரமும் வானமும் ஒத்திருந்தால் நல்லது. ஹட்டன் பக்கம் தீபாவளிக் காலத்தில் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வரும், அதனால் காலை போட்டோ என்றால் காலையிலேயே எடுத்துவிடுவது மேல்.

மாலையின் நிறத்தையும் யோசிக்க வேண்டும். மல்லிகை போன்ற வெள்ளைப் பூ, கதவு வெளிச்சத்தில் வெளுத்து ஒரே வெள்ளைக் கோடாகிவிடும். கடும் சிவப்பு ரோஜாவைப் போன் கேமராக்கள் சரியாகப் பிடிப்பதில்லை, இதழ் பிரியாமல் சிவப்புக் கட்டியாக விழும். சந்தனச் சீவல் மாலை வருடக்கணக்கில் இருக்கும், படத்துக்கு அழகுதான். ஆனால் மரநிறப் பிரேமில் அச்சில் ஓர் அங்குலத்துக்குள் அது பிரேமோடு கலந்துவிடும். மஞ்சள் செவ்வந்தி இந்த எல்லாத் தொல்லையும் இல்லாதது. பெரியப்பாவின் படம் அடையாள அட்டைப் போட்டோவைப் பெருப்பித்த கறுப்பு வெள்ளைப் படம், மஞ்சள் அதில் நன்றாக எடுத்துக் காட்டியது.

நீளம் எவ்வளவு என்பது இன்னும் முக்கியம். எங்கள் போட்டோவில் உயரமான சின்ன அண்ணனின் தலை, பிரேமின் கீழ் வலது மூலையை மறைக்கிறது. மாலை நீளமாக இருந்தால் அதன் அடிப்பகுதி அவர் தலைமுடிக்குப் பின்னால் போக வேண்டும், முடி முடியாகப் பிரித்து மறைக்க வேண்டிவரும். அதைவிடப் பெரிய சங்கடம், ஒரு பூ தவறி அவர் தலைக்கு முன்னால் வந்துவிட்டால் உயிரோடு இருக்கிறவருக்கு மாலை போட்ட மாதிரி ஆகிவிடும். பெரியம்மாவிடம் அப்படி ஒரு படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தைரியம் கிடையாது. இடது பக்கத்தில் மூத்த அண்ணனின் கலியாணப் படம் வேறு தொங்குகிறது. மாலையின் நிழல்கூட அந்தப் பக்கம் போகக்கூடாது என்று பெரியம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். வழி சுலபம்தான். மாலையை மேலே முடிந்து குட்டையாக்கி, தலைமுடி தொடங்கும் இடத்துக்கு மேலேயே குஞ்சம் முடியும்படி தொங்கவிட்டோம். வெட்டிய மாலையிலும் நீளத்தைக் குறைக்கலாம், ஆனால் நடுவில் சில பூக்களை நீக்கி மறுபடி இணைக்க வேண்டும்.

எடுத்த பிறகு கணினி வேலை அதிகமில்லை. GIMP இலவசம், அதிலேயே செய்யலாம். குடும்பப் போட்டோவைத் திறந்து, புதுப் போட்டோவை அதன் மேல் இன்னொரு லேயராக, அதாவது அடுக்காக வையுங்கள். மேல் லேயரின் முறையை Difference என்று மாற்றினால் இரண்டும் ஒத்துவரும் இடம் கறுப்பாகும், ஒத்துவராத இடம் வெளிச்சக் கோடாகத் தெரியும். இந்த இடத்தில் Perspective கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், இழுப்பது முழுப் போட்டோவையும்தான், அதுவும் மிகச் சொற்பமாக. பிரேமின் நான்கு மூலையும் கறுப்பாகும் வரை இழுத்து நகர்த்துங்கள். மற்ற இடங்களில் ஆட்கள் இல்லாததால் அங்கே ஒத்துவராது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம், பிரேம் ஒத்தால் போதும். அப்புறம் முறையை Normal ஆக்கி, லேயர் முழுவதையும் திரை போல மறைக்கும் கறுப்பு மாஸ்க் ஒன்றைச் சேர்த்து, ஓரம் மென்மையான தூரிகையால் மாலை இருக்கும் இடத்தை மட்டும் வெள்ளையாகத் தீட்டினால் மாலையும் நிழலும் வந்து உட்காரும்.

பெரும்பாலும் ஒன்று இடிக்கும். இரண்டு போட்டோவின் வெளிச்சமும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருக்காது, மாலையைச் சுற்றி சுவர் திட்டாகத் தெரியும். பிரேமுக்குப் பக்கத்தில் சுவரின் ஒரே இடத்தை இரண்டு லேயரிலும் நிறம் அளக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண் வரும். ஒன்றில் 182, 178, 165 என்றும் மற்றதில் 168, 166, 160 என்றும் வந்தால் இரண்டாவது கொஞ்சம் இருட்டு, மஞ்சளும் குறைவு என்று அர்த்தம். Levels பெட்டியில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்றி எண்களை நெருங்க வைத்தால் திட்டு மறைந்துவிடும். கண்ணால் பார்த்து ஏற்றுவதைவிட எண்ணைப் பார்த்து ஏற்றுவது விரைவு.

கூர்மை பற்றியும் ஒரு வார்த்தை. பெருப்பித்த படம் என்பதால் பெரியப்பா முகம் மங்கலாக இருக்கும். அதற்குப் பொருந்தட்டும் என்று சிலர் மாலையையும் மங்கலாக்குகிறார்கள். மாலை கண்ணாடிக்கு வெளியே இருக்கும் நிஜப் பொருள், அது பிரேமின் மரவிளிம்பு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும். முகத்தோடு ஒப்பிடக்கூடாது. போனின் போர்ட்ரெய்ட் முறையில் எடுத்துப் பின்சுவரே மங்கியிருந்தால் மாலையும் அதே அளவுக்கு மங்க வேண்டும்.

மூன்றாவது வழியான ஸ்டூடியோவுக்கு வருகிறேன். அங்கேயும் பெரும்பாலும் முதல் வழிதான் நடக்கிறது, அவர்களிடம் தயாராக இருக்கும் நாலைந்து மாலைகளில் ஒன்றை ஒட்டுவார்கள். கை பழகியது என்பதுதான் வித்தியாசம். குடும்பப் போட்டோவே பழைய பிரிண்ட், ஸ்கேன் செய்து கறை எடுத்துக் கிழிசல் ஒட்ட வேண்டும் என்றால் நான் ஸ்டூடியோவைத்தான் சொல்வேன். படம் இருந்த வீடு கைமாறி, பிரேமும் எங்கே என்று தெரியாமல் போயிருந்தாலும் வேறு வழியில்லை. ஆனால் கொடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 345 பிக்சல் அகலப் பிரேம் 140க்கு வந்துவிடும், அந்த அளவில் எந்த மாலையும் மஞ்சள் பூச்சாகத்தான் தெரியும். டாக்கியுமென்ட் ஆக அனுப்பினால் சுருங்காது.

சொல்ல வேண்டியதையும் எழுதியே கொடுங்கள். சுவரில் எந்தப் படம் மறைந்தவருடையது, பக்கத்துப் படத்தில் மாலை படக்கூடாது, போட்டோவில் நிற்கிறவர்கள் யாருடைய முகத்தையும் மெருகேற்ற வேண்டாம், மாலையைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம். கடைசியில் சொன்னதை அழுத்திச் சொல்லாவிட்டால் ஒரு குத்துவிளக்கும் தாமரையும் சேர்ந்து வரும், சில ஸ்டூடியோக்களில் அது மாலையோடு இலவசம். இன்னொன்று, மாலை சுவரில் உள்ள படத்துக்கு என்று தெளிவாகச் சொல்லாமல் "மாலை போட்டுத் தாங்க" என்று மட்டும் சொன்னால், முழுக் குடும்பப் போட்டோவின் மேல் மூலைகளில் மாலையைத் தொங்கவிட்டுக் கொடுத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதை வீட்டில் யாரும் சுவரில் மாட்ட மாட்டார்கள்.

எந்த வழியில் போட்டாலும் சரிபார்க்க ஒரே ஒரு சோதனை போதும். வேலை முடிந்த போட்டோவின் பிரதி ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் இருக்கும்போது மஞ்சளும் பச்சையும் கண்ணை ஏமாற்றும். நிறத்தை எடுத்துவிட்டால் வெளிச்சம் மட்டும்தான் நிற்கும். அப்போது மாலை சுற்றியிருப்பதைவிட வெளுத்துத் துருத்திக்கொண்டு நின்றாலோ, அதன் கீழே நிழல் இல்லாமல் மிதந்தாலோ உடனே தெரியும்.

அச்சுக்குப் போகும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 4000க்கு 3000 போட்டோவை 8க்கு 12 அங்குலத்தில் போட்டால் உயரத்தில் 333 பிக்சல் வெட்டுப்படும். இயந்திரம் மேலும் கீழும் சமமாக வெட்டும். எங்கள் போட்டோவில் பெரியப்பா படத்தின் மேல் விளிம்புக்கும் போட்டோவின் ஓரத்துக்கும் 110 பிக்சல்தான் இடைவெளி. அப்படியே விட்டிருந்தால் மாலை தொங்கும் மேல் மூலைகளே போயிருக்கும். கீழே எல்லோருடைய காலடியிலும் நிறைய சிமெந்துத் தரை இருந்தது, அங்கிருந்தே முழுவதையும் வெட்டி அனுப்பினேன்.